5 சதவீதம் எதன் மேல்? வாடகை ஒப்பந்தத்தில் அதை எழுதுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு கடையை 5 ஆண்டுக்கு எடுக்கிறேன். மாத வாடகை 20,000 ரூபாய். ஒப்பந்தத்தில் "ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடும்" என்று புரோக்கர் எழுதியிருக்கிறார். இது போதுமா சார்?

பதில்: போதாது. எதன் மேல் 5 சதவீதம், எந்த நாளிலிருந்து என்ற இரண்டுமே அதில் இல்லை.

முதல் வாடகையான 20,000 மேலேயே கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,000 ரூபாய் கூடி, 5ஆம் ஆண்டில் 24,000 வரும். முந்தைய ஆண்டு வாடகை மேல் கணக்கிட்டால் 21,000, 22,050, 23,150, 24,310 என்று ஏறும் (பத்து ரூபாய்க்கு முழுமையாக்கியது). 5 ஆண்டில் மொத்த வித்தியாசம் 6,120 ரூபாய்தான். ஆனால் சண்டை வருவது அந்தத் தொகைக்காக அல்ல, ஒவ்வொருவரும் ஒரு கணக்கை மனதில் வைத்திருப்பதால். இரண்டாவது முறைக்கு நீங்கள் சம்மதித்தால் இப்படி எழுதுங்கள்:

"மாத வாடகை 1.6.2026 முதல் ரூ.20,000. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று, அதற்கு முந்தைய மாத வாடகையின் மேல் 5 சதவீதம் கூடும். அதன்படி வாடகை 1.6.2027 முதல் ரூ.21,000, 1.6.2028 முதல் ரூ.22,050, 1.6.2029 முதல் ரூ.23,150, 1.6.2030 முதல் 31.5.2031 வரை ரூ.24,310. இந்தத் தொகைகளே இறுதியானவை. பராமரிப்புக் கட்டணம், ஜிஎஸ்டி, அட்வான்ஸ் ஆகியவற்றுக்கு இந்த உயர்வு பொருந்தாது."

தேதியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடைக்கு உள்வேலை செய்ய வாடகையில்லாமல் சில வாரம் தருவார்கள். ஏப்ரல் 1 அன்று சாவி வாங்கி, ஜூன் 1 முதல்தான் வாடகை என்று வையுங்கள். ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆண்டை எண்ணினால் அடுத்த ஏப்ரலிலேயே வாடகை ஏறிவிடும். 20,000 கட்டியது 10 மாதம்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதம் முன்னதாகவே உயர்வு வரும். அதனால் வாடகை தொடங்கும் நாளையே கணக்கின் தொடக்கமாக வையுங்கள்.

புரோக்கர் கொண்டுவரும் தயார் படிவத்தில் "சந்தை நிலவரப்படி 5 முதல் 10 சதவீதம்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அதை முடிவு செய்பவர் கட்டட உரிமையாளர்தான். இன்னொரு தந்திரம், 5 ஆண்டு என்று வாயால் சொல்லிவிட்டு 11 மாதப் பத்திரம் போடுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது புரோக்கருக்குக் கமிஷன், உங்களுக்குப் புதுப் பேரம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாத பத்திரத்தில் இருக்கும் உயர்வு விகிதத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. பதிவுச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து மக்கள் இந்த 11 மாதத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். ஒரு சிறு கடைக்காரர் நியாயமான பத்திரம் போட இத்தனை நாள் அலைய வேண்டியிருப்பது எனக்கு ஆறாத கோபம்.

கையெழுத்துக்கு முன் டைப் செய்த பிரதியில் அந்த ஐந்து தொகைகளையும் தேதிகளையும் நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.