மேற்கோள் குறி யாருடைய சொல்லுக்கு? வந்த கடிதங்களும் பதில்களும்

நான் தமிழ் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டும் பகுதிகளை நானே ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று போட வேண்டுமா?

வேண்டாம். முதல் மேற்கோள் வரும் இடத்தில் அடிக்குறிப்பாக ஒரு முறை சொல்லுங்கள்: வேறாகக் குறிப்பிடாத இடங்களில் மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது என்று. அதன்பின் அச்சான மொழிபெயர்ப்பைக் கையாளும் இடங்களில் மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொன்னால் போதும். எம்.எல்.ஏ. மேற்கோள் முறையில் எழுதுபவர்கள் பக்க எண்ணுக்குப் பின் `my trans.` என்று சேர்ப்பது வழக்கம். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பில் எழுதுபவர்கள் கவனிக்க: நீங்களே மொழிபெயர்த்த வாக்கியத்தை அது நேர் மேற்கோளாகவே எண்ணுவதில்லை, கருத்துச் சுருக்கம் போலத்தான் நடத்தச் சொல்கிறது. ஆகவே மேற்கோள் குறி வராது. பக்க எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேர்வாளர் மூலத்தைத் திறந்து பார்க்க அதுதான் வழி.

நூல்பட்டியலில் தமிழ்த் தலைப்பை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி அனுப்புங்கள்.

எந்த மேற்கோள் முறை என்று சொல்லாமல் மாதிரி கேட்டால் எதை அனுப்புவது? கடிதம் எழுதுமுன் துறைக் கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள். ஏ.பி.ஏ. என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தலைப்பின் ஒலிபெயர்ப்பு சாய்வெழுத்தில் முதலில் வரும். அதன் ஆங்கிலப் பொருள் சாய்வில்லாமல் சதுர அடைப்பில் பின்னால் வரும்.

```
Author, A. (Year). Kaṭal vaḻi vaṇikam [Trade by sea]. Publisher.
```

ழகரத்தை ஓரிடத்தில் `ḻ` என்றும் இன்னோரிடத்தில் `zh` என்றும் எழுதாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 15919 போன்ற ஓர் ஒலிபெயர்ப்பு முறையை எடுத்துக்கொண்டு நூல் முழுக்க அதையே வைத்திருங்கள். சதுர அடைப்பில் இருப்பது உங்கள் விளக்கம்தான். அந்த ஆங்கிலப் பெயரில் ஒரு நூல் அச்சில் இருப்பதாக யாரும் நினைக்கும்படி அதைச் சாய்வெழுத்தில் போடாதீர்கள்.

மூலத் தமிழையும் கொடுக்க வேண்டுமா? என் வழிகாட்டி இடம் வீண் என்கிறார்.

எல்லாவற்றுக்கும் வேண்டாம். உங்கள் வாதம் ஒரு சொல்லின் மேல் நிற்கிற இடத்தில் கட்டாயம் வேண்டும். இப்படி ஒரு இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில் "நாங்கள் பட்ட கடனை நாம் அடைக்க வேண்டும்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். படிப்பவருக்குக் கடன் பட்டவர்களே அடைக்கப்போகிறார்கள் என்று தோன்றும். தமிழில் விஷயமே வேறு: கடன் பட்டது செயற்குழு, அடைக்க வேண்டியது படிக்கிற உறுப்பினரும் சேர்ந்து. பொறுப்பு கைமாறுவதைப் பற்றித்தான் உங்கள் அத்தியாயம் என்றால், அந்த ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் போகும்போது அத்தியாயமே போய்விடும். இப்படி எழுதலாம்:

```
"We [nām] must repay the debt that we [nāṅkaḷ] incurred."
```

அடிக்குறிப்பில் மூல வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்து, நாம் என்பது கேட்பவரைச் சேர்க்கும், நாங்கள் என்பது சேர்க்காது என்று ஒரு வரி எழுதுங்கள். இதற்கு நாலு வரி இடம்தான் செலவு. அந்தத் தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது வேறு கணினியில் குப்பையாகத் தெரியும்.

ஓர் ஆங்கிலச் சிந்தனையாளரின் நூலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன். அதிலிருந்து மேற்கோள்களை ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிட்டேன். மூல நூலையே பட்டியலில் சேர்த்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை, நானும் சொல்லாத மாதம் இல்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பவை அந்த ஆசிரியர் எழுதிய சொற்கள் என்று படிப்பவர் நம்புகிறார். நீங்கள் அங்கே வைத்திருப்பவை உங்கள் சொற்கள். அவர் ஆங்கிலத்தில் எழுதினார், ஒருவர் தமிழாக்கினார், நீங்கள் திரும்ப ஆங்கிலமாக்கினீர்கள். இரண்டு முறை கைமாறிய பின் அவருடையது என்று எதைக் காட்டுவீர்கள்? சிகாகோ கையேடு இதற்கென்றே ஒரு பத்தி ஒதுக்கி, தலைப்பிலேயே பாவம் என்ற சொல்லை வைத்திருக்கிறது. அந்தச் சொல் எனக்கு மிகையாகத் தோன்றியதே இல்லை.

ஒரு முறை தேர்வாளராக இருந்தபோது பார்த்தேன். மூலத்தில் "இப்படி நடக்கலாம்" என்ற அளவில் இருந்த வாக்கியம், தமிழ் வழியாகப் போய்த் திரும்பியபோது "நடந்தே தீரும்" என்று ஆகியிருந்தது. ஆய்வாளர் அந்தத் தீர்ப்பை மறுத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அவர் மறுத்த கருத்தை மூல ஆசிரியர் சொல்லவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது பக்க எண்ணால்தான்: மேற்கோளுக்குக் கொடுத்த எண், ஆங்கிலப் பதிப்பின் கடைசிப் பக்கத்தையும் தாண்டி இருந்தது. தமிழ்ப் பதிப்பின் எண்ணைப் போட்டு ஆங்கிலப் பதிப்பைப் பட்டியலில் வைத்திருந்தார். பட்டியலில் இருக்கும் பதிப்பைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் அந்த வரி இருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இனியும் சொல்வேன்.

செய்ய வேண்டியது இது. ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்து, அந்த வரிகளைக் கண்டுபிடித்து அப்படியே எழுதுங்கள். தமிழ்ப் பதிப்பின் அத்தியாயமும் பத்தியும் கையில் இருந்தால் பெரும்பாலும் அரை மணியில் இடம் அகப்படும். மூலம் பிரெஞ்சோ ஜெர்மனோ என்றால், அச்சான ஆங்கில மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டி மொழிபெயர்ப்பாளர் பெயரையும் கொடுங்கள். ஏ.பி.ஏ.வில் மூல ஆண்டும் மொழிபெயர்ப்பு ஆண்டும் `1950/1990` என்பதுபோல் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் வராத நூல், மூலமொழியும் உங்களுக்குத் தெரியாது என்றால், நேர் மேற்கோளைக் கைவிடுங்கள். கருத்தை உங்கள் நடையில் சொல்லி, நீங்கள் உண்மையில் படித்த தமிழ்ப் பதிப்பையே மொழிபெயர்ப்பாளர் பெயரோடு பட்டியலில் வையுங்கள். படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அச்சான ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. நான் திருத்தலாமா?

திருத்தலாம், ஆனால் ஓசைப்படாமல் திருத்தக் கூடாது. பக்க எண்ணுக்குப் பின் `translation modified` என்று குறித்து, எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். ஒரே பத்தியில் நாலைந்து திருத்தம் வருகிறது என்றால் அந்த மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு நீங்களே பெயர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் அச்சான பதிப்பு ஒன்று இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள்.

ஜோட்டெரோ என்ற நூல்பட்டியல் மென்பொருளில் என் பிரெஞ்சு நூல் தலைப்புகளின் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. கையால் திருத்தியும் மீண்டும் வருகிறது.

ஆவணத்தில் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி ஆகிவிடும். ஜோட்டெரோவில் அந்தந்த நூலைத் திறந்து `Language` என்ற கட்டத்தில் `fr` என்று இடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அது ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும். ஒலிபெயர்த்த தமிழ்த் தலைப்புகளுக்கு `ta` போடுங்கள்.