புது பிராசஸர் மாட்டும் முன் பயாஸ் அப்டேட்

கேள்வி: 2019-ல் வாங்கிய பி450 போர்டில் ரைசன் 5 2600 ஓடுகிறது. கேம் ஆட ரைசன் 5 5600 வாங்கிவிட்டேன். பயாஸ் அப்டேட் செய்யாமல் மாட்டினால் படமே வராது என்கிறார்கள். போர்டு செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

பதில்: பழைய 2600-ஐ இப்போதைக்குக் கழற்றாதீர்கள். 2019-ன் பயாஸுக்கு 5600 என்றால் என்னவென்றே தெரியாது. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் அப்டேட்டைப் பழைய பிராசஸரை வைத்தே முடித்துவிட வேண்டும்.

முதலில் `msinfo32` திறந்து, BaseBoard Product, BIOS Version/Date இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டின் பெயரில் ஒரே ஒரு சொல் மாறினாலும் ஃபைல் வேறு. பெயரின் கடைசியில் 'மேக்ஸ்' என்று வரும் போர்டுக்கும் வராத போர்டுக்கும் பயாஸ் சிப்பின் அளவே வேறாக இருக்கும். போர்டின் மீது அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் தயாரிப்பாளரின் தளத்தில், சிபியு பட்டியலில் 5600-க்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு இருக்கிறதோ, அதையோ அதற்குப் பிந்தைய பீட்டா அல்லாத பதிப்பையோ இறக்குங்கள். டவுன்லோடுக்குக் கீழே இருக்கும் குறிப்பையும் படியுங்கள். சில போர்டுகளில் நடுவில் வேறொரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் புதியதற்குப் போக முடியும்.

பலரும் மாட்டிக்கொள்வது பிட்லாக்கரில்தான். விண்டோஸ் கேட்காமலேயே டிரைவைப் பூட்டி வைத்திருக்கலாம்; அதன் சாவி பிராசஸருக்குள் இருக்கும் fTPM என்ற பாதுகாப்புப் பகுதியைச் சார்ந்தது. பிராசஸர் மாறினால் அது போய்விடும். என் நண்பர் ஒருவருக்கு அப்டேட் ஒழுங்காக முடிந்தது. 48 இலக்க ரிகவரி கீ கேட்டபோதுதான் விழித்தார். உங்கள் கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடித் தாளில் எழுதி வைத்துவிட்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இதைக் கொடுங்கள்:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

இனி ஃபிளாஷ். பென் டிரைவை FAT32-ல் ஃபார்மட் செய்து, ஜிப்பைப் பிரித்த ஃபைலை அதில் போடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஃபிளாஷ் செய்யும் மென்பொருளை நான் தொடவே மாட்டேன். பயாஸுக்குள் இருக்கும் ஃபிளாஷ் கருவி போதும். ஓவர்கிளாக், எக்ஸ்எம்பி எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, யூபிஎஸ்ஸில் வைத்துத் தொடங்குங்கள்.

சதவீதம் நூறைத் தொட்டபின் திரை கறுத்து, இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தானாக ஓரிரு முறை ரீஸ்டார்ட்டும் ஆகும். இந்த இடத்தில்தான் பயந்துபோய் பவர் பட்டனை அமுக்குகிறார்கள். கை வைக்காமல் பத்து நிமிடம் காத்திருங்கள்.

பயாஸில் புதிய பதிப்பு எண் தெரிந்து, 2600-ல் விண்டோஸ் ஒருமுறை திறந்தபின் பிராசஸரை மாற்றுங்கள். முதல் பூட்டில் fTPM பற்றி Y அல்லது N கேட்டால், கீ கையில் இருப்பதால் Y தாராளமாக அமுக்கலாம். எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ராம் மெதுவாகவே ஓடும். விண்டோஸ் வந்ததும் மேலே கொடுத்த கமாண்டில் `-disable` இருந்த இடத்தில் `-enable` போட்டு, `-RebootCount 0` இல்லாமல் கொடுத்தால் பூட்டு திரும்பிவிடும்.

பாதியில் கரண்ட் போய்விட்டாலும் உடனே போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால், பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து மறுபடி ஏற்றலாம். ஃபைலை எந்தப் பெயரில் வைக்க வேண்டும், எந்த யூஎஸ்பி துளையில் சொருக வேண்டும் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும்.