தொடர்வரிசைக் கணக்கில் மதிப்பெண் போனால் கணக்கு குரூப்பை விட்டுவிட வேண்டுமா?

பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் சூத்திரங்களை எல்லாம் சரியாகச் சொல்கிறான், ஆனால் சேமிப்பு, சம்பளம் என்று வாக்கியமாகக் கேட்டால் தடுமாறுகிறான், அதனால் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு எடுக்கும் முன் அவனுடைய விடைத்தாளைக் கையில் எடுங்கள். மதிப்பெண் எந்த வரியில் போயிருக்கிறது என்று பாருங்கள். கூட்டல், பெருக்கலில் போனதா, அல்லது கேள்வியைப் படித்த இடத்திலேயே போனதா? இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

ஒரு கணக்கை வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். ஒருவர் முதல் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறார். அடுத்தடுத்த மாதம் 100 ரூபாய் கூட்டிப் போடுகிறார். இருபதாவது மாதம் எவ்வளவு போடுவார்? இருபது மாதத்தில் மொத்தம் எவ்வளவு சேரும்? முதல் கேள்விக்கு விடை 500 + 19 × 100, அதாவது 2,400 ரூபாய். இரண்டாவதற்கு 29,000 ரூபாய். நிறையப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் போடுகிறார்கள். 19-க்குப் பதில் 20 போட்டு 2,500 என்று எழுதுபவர்களும் உண்டு. முதல் மாதம் எந்த உயர்வும் இல்லை, எனவே இருபதாவது மாதத்துக்குள் பத்தொன்பது முறைதான் உயர்ந்திருக்கிறது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

சரி, இப்போது கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: மொத்தம் 30,000 ரூபாய் சேர எத்தனை மாதம் ஆகும்? முதல் மாதத் தொகை a = 500, மாத உயர்வு d = 100, மாதங்களின் எண்ணிக்கை n என்று வைத்து n/2 [2a + (n − 1)d] = 30000 என்று எழுதிச் சுருக்கினால் n² + 9n − 600 = 0 வரும். இதற்கு முழு எண் விடை கிடையாது, n ஏறத்தாழ 20.4. இந்த இடத்தில் பையன் 'தப்பாப் போட்டுட்டேன்' என்று அடித்துவிட்டால், அவனுக்குக் கணக்கு வராது என்று அர்த்தமில்லை. பரீட்சைக் கணக்குகள் பெரும்பாலும் முழு எண்ணில் முடிவதால் வந்த பழக்கம் அது. இருபது மாதத்தில் 29,000, இருபத்தொன்றாவது மாதம் 2,500 போட்டால் 31,500. ஆகவே 21-ஆவது மாதத்தில் 30,000-ஐத் தாண்டும். இதை அவனாகச் சொன்னால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது.

அடுத்து, கூட்டுத் தொடர்வரிசையா, பெருக்குத் தொடர்வரிசையா என்ற குழப்பம். இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டிலும் தொடக்கச் சம்பளம் 20,000 ரூபாய். ஒன்றில் ஆண்டுக்கு 2,000 ரூபாய் உயர்வு, மற்றதில் ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு. இரண்டாம் ஆண்டில் இரண்டிலும் 22,000-தான். மூன்றாம் ஆண்டில்தான் ஒன்று 24,000, மற்றது 24,200 என்று பிரிகிறது. அதனால் மூன்று உறுப்புகளையாவது எழுதாமல் சூத்திரத்துக்குப் போகக் கூடாது. பக்கத்துப் பக்கத்து உறுப்புகளைக் கழித்தால் ஒரே எண் வந்தால் கூட்டுத் தொடர்வரிசை, வகுத்தால் ஒரே எண் வந்தால் பெருக்குத் தொடர்வரிசை என்று பார்த்தால் போதும். 10 சதவீத உயர்வு என்றால் பொது விகிதம் 1.1. அதை 0.1 என்றோ 10 என்றோ எடுத்தால் சம்பளம் பத்தில் ஒரு பங்காகிவிடும், அல்லது பத்து மடங்காகிவிடும். விடையைப் பார்த்தவுடனே அது தெரிய வேண்டும்.

இதே கணக்கில் 'மூன்றாம் ஆண்டில்' என்றால் 24,200. 'மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு' என்றால் மூன்று உயர்வுகளும் முடிந்து 26,620. இந்தச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நிஜச் சம்பளத்தையும் காட்டலாம். ஏழாவது ஊதியக்குழுவின்படி மத்திய அரசின் முதல் நிலை அடிப்படை ஊதியம் 18,000, 18,500, 19,100, 19,700 என்று போகிறது. இது ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு, நூறின் மடங்காக முழுமையாக்கியது. அதனால்தான் வகுத்தால் விகிதம் துல்லியமாக ஒன்றாக வராது.

காமர்ஸ் எடுத்தால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில், தவணை தவணையாகக் கட்டும் பணம் வட்டியோடு கடைசியில் எவ்வளவாகும் என்று ஒரு பாடம் வருகிறது. அது பெருக்குத் தொடரின் கூடுதல்தான்.

இப்படி நாளுக்கு இரண்டு கணக்கு என்று இரண்டு வாரம் போட்டுப் பார்க்கட்டும். கேள்வியைப் புரிந்துகொண்டு சமன்பாட்டை எழுதிவிடுகிறான் என்றால் கணக்கு குரூப்பைத் தைரியமாக எடுக்கலாம். சமன்பாட்டைச் சரியாக எழுதியும், n² + 9n − 600 போன்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்கினால் இயற்கணிதம்தான் பலவீனம். அதைக் கோடை விடுமுறையில் சரிசெய்யாமல் அந்த குரூப்பில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் பிளஸ் ஒன் பாடங்கள் முதல் வாரத்திலேயே அது தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும்.