புத்தகப் படம் சரியென்றால் மாதாமாதம் கிரகணம் வந்தாக வேண்டும்

கேள்வி: சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வருவதுதானே பௌர்ணமி? அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் சந்திர கிரகணம் வருவதில்லை?

பள்ளிப் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டு, “படத்தைப் பாருடா” என்று தலையில் குட்டு வாங்கியவன் நான். படத்தைப் பார்த்ததால்தான் சந்தேகமே வந்தது!

நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். தப்பில்லை. ஆனால் புத்தகத்தில் பூமியை 3 செ.மீ. அகலத்துக்குப் போட்டு, 6 செ.மீ. தள்ளி நிலாவை வைத்திருப்பார்கள். அங்கே 5 டிகிரி சாய்த்தால் நிலா அரை செ.மீ.தான் ஏறும். அப்போதும் பூமியின் நிழலுக்குள்தான் நிற்கும். ஆக, அந்தப் படத்தின்படி நம் சந்தேகம் நியாயமானதுதான்.

போன வருடம் என் மகளுக்குச் சாப்பாட்டு மேசையில் செய்து காட்டினேன். 30 செ.மீ. ஸ்கேலின் ஒரு முனையில் 1 செ.மீ. கொண்டைக்கடலை, அது பூமி. மறு முனையில் ஒரு பெரிய கடுகு, அது நிலா. இந்த அளவில் உண்மையான தூரமே ஏறக்குறைய ஒரு ஸ்கேல்தான். (தூரம் மாறிக்கொண்டே இருக்கும் என்று யாரும் வர வேண்டாம், சராசரியைச் சொல்கிறேன்.) கடலையின் கருநிழல் கடுகு இருக்கும் இடத்தில் முக்கால் செ.மீ. அகலம்கூட வராது. கடுகோ நிழலின் நடுக்கோட்டிலிருந்து 2.7 செ.மீ. வரை மேலேயும் கீழேயும் போகும், அதாவது இரண்டு தீப்பெட்டி அடுக்கிய உயரம். பிறகெப்படி மாதாமாதம் நிழலில் மாட்டும்?

மாட்டுவது, நிலாவின் பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் இரண்டு இடங்களுக்குப் பக்கத்தில் பௌர்ணமி வந்தால் மட்டும். அந்த இடங்கள்தான் ராகுவும் கேதுவும். ஜோதிடம் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், பஞ்சாங்கக் கணக்கிலும் அவை வெட்டுப்புள்ளிகள்தான். 2025 செப்டம்பர் 7 பௌர்ணமி அப்படி ஒரு புள்ளியை ஒட்டி வந்தது. இரவு 11 மணிக்கு நிலா முழுதாகச் சிவந்ததை மொட்டைமாடியில் பார்த்தோம். அடுத்த பௌர்ணமிக்குள் நிழல் கிட்டத்தட்ட 29 டிகிரி நகர்ந்துவிட்டது. நம் மேசைக் கணக்கில் கடுகு ஒரு தீப்பெட்டி உயரத்தில் நிழலுக்கு மேலே தப்பித்துப் போனது. கிரகணம் இல்லை. நிழல் எதிர்ப்புள்ளிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

மகள் இதையே அளவு மாறாமல் சார்ட்டில் வரைந்து கொண்டுபோனாள். “நிலா ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது, பேப்பர் வீணாகிறது” என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். கடையில் நாற்பது ரூபாய்க்கு விற்கும் அச்சுப் படத்தை ஒட்டிய பிள்ளைக்கு முழு மார்க். ப்ராஜெக்ட் என்று மாதம் நாலு சார்ட் வாங்கவைக்கிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை.