பஸ்ஸில் கேட்ட "தண்ணி தரலையா?"

"என் பையனுக்கு நாலு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். ஈரோடு பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, 'இந்த வெயிலுக்குத் தண்ணிகூடத் தராம நீயெல்லாம் ஒரு தாயா' என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வாயடைத்துப் போனேன். என்ன சொல்லியிருக்கணும்?"

இதைச் சொன்னால் போதுங்க: "இல்லீங்கம்மா, ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும்தானுங்க." சிரித்தபடி ஒருமுறை சொல்லிவிட்டுக் குழந்தை பக்கம் திரும்பிவிடுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பஸ்ஸே பஞ்சாயத்தாகிவிடும்.

கோபியில் ஒரு சித்திரைக் கல்யாணத்தில் ஒரு பாட்டி என் மகள் வாயில் சங்கடையால் தண்ணீர் புகட்டவே வந்துவிட்டார். அப்போது மட்டும் சிரிப்பைக் குறைத்து, கையால் மறித்து, "வேண்டாமுங்க" என்றேன். அவருக்கு முகம் வாடித்தான் போனது. பரவாயில்லை.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிரம்பி, பால் குடிப்பது குறையும். சுத்தமில்லாத தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்கும் வரும். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுங்கள், நீங்களும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

பால் போதுகிறதா என்பதை அந்த அம்மாவைவிட நாப்கின் சரியாகச் சொல்லும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைய வேண்டும், சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். நனைவது குறைந்து, சிறுநீர் அடர் மஞ்சளாகி, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்போதும் நீங்களாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாமுங்க.