சம்பள உயர்வுக் கடிதம்: நேரத்தை விடுங்கள், ஸ்டைல்களை எண்ணுங்கள்

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மூணு வருசமா மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க. ஜூன்ல கூட இருந்தவங்க நின்னுட்டாங்க, அவங்க பாத்த பையரையும் இப்ப நான்தான் பாக்கறேன். வீட்டுக்குப் போக ராத்திரி ஒம்பது ஆயிடுது. சம்பளம் அதே 20,000. முதலாளிக்கு லெட்டர் குடுக்கலாம்னு இருக்கேன். மிரட்டற மாதிரி இல்லாம எப்படி எழுதறதுங்க?

பதில்: முதலில் அந்த ஒன்பது மணியைக் கடிதத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் முதலாளியே அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போவார். மெதுவாக வேலை செய்பவரும் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். அவரால் மறுக்க முடியாதது ஆர்டர் ஃபைல் மட்டும்தான்.

உங்கள் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை ஸ்டைல் உங்கள் கையில் ஓடியது என்று எண்ணுங்கள். சம்மர் ஆர்டரும் விண்டர் ஆர்டரும் ஒரே அளவில் வருவதில்லை. அதனால் மே மாதத்தை ஆகஸ்டோடு ஒப்பிட்டால், "அது சீசன்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். போன வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, இந்த வருடம் அதே மூன்று மாதம் என்று எடுங்கள். ரிப்பீட் ஆர்டரைத் தனியாகக் காட்டுங்கள்; அதற்குப் புதிதாக ஃபிட் சாம்பிள் அப்ரூவல் வேலை பெரும்பாலும் இருக்காது. அதையும் புது ஸ்டைலோடு சேர்த்து எண்ணியிருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

சந்தை நிலவரத்துக்கு நான்கைந்து வேலை விளம்பரங்கள் போதும். ஆனால் அவை உங்கள் வேலைக்கு நேர் பொருத்தமாக இருக்க வேண்டும்: திருப்பூர், ஏற்றுமதி யூனிட், மூன்று நான்கு வருட அனுபவம். பெங்களூரு சம்பளமும் பையிங் ஹவுஸ் சம்பளமும் இங்கே எடுபடாது. விளம்பரத்தில் சி.டி.சி என்று போட்டிருந்தால், நிறுவனம் கட்டும் பி.எஃப் பங்கும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் 20,000-உடன் ஒப்பிட வேண்டும். கூட வேலை செய்பவரின் சம்பளத்தை மட்டும் ஆதாரமாக எழுதவே வேண்டாம். பேச்சு உங்கள் வேலையை விட்டு, அது எப்படி வெளியே தெரிந்தது என்பதற்குப் போய்விடும்.

நீங்கள் எடுத்த கணக்கு மாதம் 14 ஸ்டைலில் இருந்து 23 என்றும், விளம்பரங்கள் 24,000 முதல் 28,000 வரை என்றும் வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: சம்பளத்தை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

கடந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டு பையர்களுக்கு மாதம் சராசரியாக 14 புதிய ஸ்டைல்களைக் கவனித்தேன். ஜூன் முதல் மூன்றாவது பையரின் ஆர்டர்களையும் கவனித்து வருகிறேன். இந்த ஆண்டு அதே மாதங்களில் சராசரி 23 ஸ்டைல்கள். மாதவாரிப் பட்டியல் இணைத்துள்ளேன்.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் இதே அனுபவத்துக்கு 24,000 முதல் 28,000 வரை விளம்பரம் செய்கிறார்கள். அவற்றின் நகல்களும் உள்ளன. என் மாதச் சம்பளத்தை 25,000 ஆக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தடவையில் இயலாவிட்டால் இரண்டு கட்டமாகத் தருவது பற்றியும் பேசலாம். தங்களுக்கு வசதியான நாளில் நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

வேலை 64 சதவீதம் கூடியிருக்கிறது என்பதற்காகச் சம்பளத்தையும் 64 சதவீதம் கேட்கவில்லை, கவனியுங்கள். எண்கள் வேலை கூடியதைக் காட்டுகின்றன. எவ்வளவு கேட்பது என்பதைச் சந்தை நிலவரம்தான் சொல்கிறது.

மிரட்டல் பெரும்பாலும் கடைசி வரியில்தான் நுழையும். "வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள்", "15-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்", "என் எதிர்காலத்தையும் யோசிக்க வேண்டியுள்ளது" போன்றவற்றில் மூன்றாவது சாதுவாகத் தெரிந்தாலும் அவர் காதில் ராஜினாமா என்றே விழும். பேச்சில் "பார்க்கலாம்" என்று சொன்னால், "எப்ப வந்து ஞாபகப்படுத்தட்டுங்க?" என்று கேட்டு ஒரு நாளை வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது சரக்கு தாமதமாகி ஏர் ஃபிரைட்டில் போகிற வாரத்தில் கடிதத்தை நீட்டவே வேண்டாம்.

பேசப் போகும் முன் இ.எஸ்.ஐ கணக்கையும் பார்த்துவிடுங்கள். அதன் சம்பள வரம்பு மாதம் 21,000. இப்போது உங்களிடம் 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் பிடிக்கிறார்கள். நவம்பரில் 25,000 ஆனால் பங்களிப்புக் காலம் முடியும் மார்ச் 31 வரை பிடித்தம் தொடரும், ஏப்ரலில் நின்றுவிடும். செலுத்தியதற்கான பலன் அதற்குப் பிறகும் சில மாதம் உண்டு. பிறகு குடும்பத்தின் மருத்துவச் செலவு உங்கள் பொறுப்பு. வீட்டில் யாராவது இ.எஸ்.ஐ மருத்துவமனையில் தொடர்ந்து வைத்தியம் பார்த்து வந்தால், குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் சேர்ப்பார்களா என்பதையும் அதே பேச்சில் கேளுங்கள். 22,000-க்கு ஒத்துக்கொள்ளும் முன் இந்தக் கணக்கு மிகவும் முக்கியம். கூடுவது 2,000, ஆனால் இ.எஸ்.ஐ போய்விடும்.