சனிக்கிழமை காப்பிக்கு எப்படிக் கூப்பிடுவது?

*கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன். வயது 28. சனி, ஞாயிறு காலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். அதே வகுப்பில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒருவரும் படிக்கிறார். வகுப்பு முடிந்ததும் வண்டி நிறுத்தும் இடத்தில் பத்து, பதினைந்து நிமிடம் நன்றாகப் பேசுவோம். போன மாதம் "ஒரு நாள் காப்பி குடிக்கப் போலாமுங்க" என்றேன். "போலாமே" என்று சிரித்தார். அதோடு சரி. மறுபடி கேட்டால் தொந்தரவு ஆகிவிடுமோ? கேட்காமல் விட்டால் மார்ச்சில் வகுப்பே முடிந்துவிடும். எப்படிக் கேட்பது?*
*– பெயர் வேண்டாம், கோவை*

தம்பி, நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. கல்யாண மண்டப வாசலில் விடைபெறும்போது எல்லோரும் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்கிறோம். "கண்டிப்பா வர்றோம்" என்று பதிலும் வருகிறது. யாரும் போவதில்லை, அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. உங்கள் காப்பியும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நாள் கிழமை இல்லாத அழைப்புக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? ஆகவே இனி நீங்கள் கேட்பதுதான் முதல் அழைப்பு. அதை ஒரு தடவை கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை.

கேட்பதற்கு முன் வருகிற ஒன்றிரண்டு வகுப்புகளில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை நீட்டுவது யார்? அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரா, மாட்டிக்கொண்டு சாவியைத் திருகியபடி பதில் சொல்கிறாரா? நீங்கள் கேட்காமலே தன் வார்டு கதையைச் சொல்கிறாரா? போன வாரம் நீங்கள் சொன்ன விஷயம் என்னவாயிற்று என்று அவராகக் கேட்கிறாரா? இரவு டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்த நாளில்கூட ஐந்து நிமிடம் நின்றால் அது நல்ல அறிகுறி. எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்டு, எல்லாவற்றுக்கும் அவர் சிரித்துவிட்டு மட்டும் போனால், அது மரியாதை. அப்படியானால் அழைப்பு இப்போதைக்கு வேண்டாம். (உங்கள் பைக் அவர் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நிற்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

சரி, பேச்சு இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்கிறேன். "சனிக்கிழமை ஃப்ரீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். எதற்கு என்று தெரியாமல் "ஃப்ரீதான்" என்று சொல்லிவிட்டால், பிறகு மறுக்க அவருக்கு வழியில்லை. "ஃப்ரீ இல்லை" என்றால் பொய்யாக ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு நேரத்தைப் பிறகு கேட்பதுதான் நாகரிகம். அதேபோல், "உங்களுக்கு எப்ப வசதியோ, எங்க வசதியோ" என்று முழுவதையும் அவர் கையில் கொடுப்பதும் வேண்டாம். பணிவாகத் தெரிந்தாலும் நாள், இடம், நேரம் மூன்றையும் யோசிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. பதில் மறுபடியும் "பார்க்கலாம்" என்றுதான் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: "உங்ககூடப் பேசறது எனக்குப் பிடிச்சிருக்குங்க. அடுத்த சனிக்கிழமை கிளாஸ் முடிஞ்சு பக்கத்துல ஒரு காப்பி குடிக்கப் போலாமுங்களா, நாம ரெண்டு பேரும்? அரை மணி நேரம்தான். தோதுப்படலைன்னா சும்மா சொல்லிருங்க."

இதில் "அடுத்த" என்பதைக் கவனியுங்கள். நர்ஸ்களின் டியூட்டி மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை காலையில் அவர் வகுப்பில் இருக்கிறார் என்றால் காலை டியூட்டி இல்லை என்று மட்டும்தான் தெரியும். மதிய டியூட்டிக்கு ஓட வேண்டியிருக்கலாம், அல்லது இரவு முழுக்க நின்றுவிட்டு நேராக வந்திருக்கலாம். வகுப்பு முடிந்த கையோடு "இப்பவே போலாமா" என்றால், மனம் இருந்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. ஒரு வாரம் முன்னால் சொன்னால் டியூட்டி லிஸ்ட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். அரை மணி நேரம் என்று எல்லை போடுவதும் இதற்காகத்தான். மதியம் டியூட்டி இருப்பவர் கூட அரை மணி நேரத்தை ஒதுக்க முடியும். பேச்சு ருசிக்கவில்லை என்றாலும் இருவரும் கௌரவமாக எழுந்துகொள்ளலாம்.

"நாம ரெண்டு பேரும்" என்பதை விழுங்கிவிடாதீர்கள். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் சொல்லுங்கள். இல்லையென்றால் வகுப்பே காப்பிக்குப் போகிறது என்று நினைத்துத் தோழிகளையும் அழைத்து வருவார். அதைவிட மோசம், "டேட்டிவ் புரியலைங்க, காப்பி குடிச்சுட்டே கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா" என்று இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. அவர் நோட்டோடு வருவார், நீங்கள் வேறு மனநிலையில் உட்கார்ந்திருப்பீர்கள். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதற்காகக் காதல், கல்யாணம், ஜாதகம் வரை போகவும் வேண்டாம். பேசப் பிடித்திருக்கிறது என்ற ஒரு வரி போதும், உங்களுக்கே இப்போதைக்கு அவ்வளவுதானே தெரியும்.

கடைசி வாக்கியம், மறுப்பதற்கான கதவு. அதை ஒரே தடவை திறந்து வையுங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க, பிடிக்கலைன்னா விட்டுருங்க, சும்மாதான் கேட்டேன்" என்று மூன்று தடவை சொன்னால், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும். கதவே இல்லாமல் கேட்பதும் தவறு. காதல் நோக்கில் அணுகும் ஒருவரை மறுப்பது மற்றவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதை, அணுகியவர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெனஸ்ஸா போன்ஸும் லாரன் டிவின்சென்ட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கேட்பவருக்குத் தன் படபடப்புதான் பெரிதாகத் தெரிகிறது. எதிரில் நிற்பவர், மறுத்த பிறகும் வாராவாரம் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று யோசிப்பது தெரிவதில்லை. நீங்கள் இருவரும் மார்ச் வரை ஒரே வகுப்பில் உட்கார வேண்டியவர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, வகுப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பகல் நேரத்தில் ஆள் நடமாட்டம் உள்ள ஒரு கடையை மனதில் வைத்திருங்கள். உங்கள் வண்டியில் ஏற வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கக் கூடாது. ஆனால் கோவை எவ்வளவு சின்ன ஊர் என்பது உங்களுக்கே தெரியும். எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் யாருடைய மாமாவாவது ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் நீங்கள் சொல்லும் இடத்தை அவர் மாற்றினால் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு ஏற்ற நேரம், பேச்சு சூடாக இருக்கும்போது. எல்லாம் பேசித் தீர்ந்து இருவரும் கைப்பேசியைப் பார்க்கும் நேரம் அல்ல. பக்கத்தில் வகுப்புத் தோழர்கள் நிற்கக் கூடாது. படிக்கட்டு, லிஃப்ட் மாதிரி அவர் நகர முடியாத இடமும் கூடாது. வண்டி நிறுத்தும் இடமே நல்லதுதான், கேட்டு முடித்ததும் இருவருக்கும் கிளம்ப வழி இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை எடுத்துத் தனியாக மெசேஜ் போட வேண்டாம், அந்த எண்ணை அவர் உங்களுக்குக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே அவராக உங்களோடு தனியாகச் சாட் செய்கிறார் என்றால் மெசேஜில் கேட்பது இன்னும் நல்லது, நிதானமாக யோசித்துப் பதில் போடலாம். வகுப்பின் கடைசி நாள் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்குத் தனியாக இரண்டு நிமிடம் கிடைக்காது.

இனி அவர் பதில். சம்மதம் பெரும்பாலும் சட்டென்று வரும். மறுப்பு மெதுவாகத்தான் வரும்: ஒரு இடைவெளி, "அது வந்துங்க...", அப்புறம் ஒரு காரணம். அந்த இடைவெளியை "ஞாயிற்றுக்கிழமை?", "டீயாவது?" என்று நிரப்பாதீர்கள். "யோசிச்சுச் சொல்லுங்க, இல்லைன்னாலும் ஒண்ணும் இல்லைங்க" என்று நீங்களே முடித்துவிட்டுப் பாட விஷயத்துக்கு வந்துவிடுங்கள். தயக்கம் உங்களால்தான் என்றும் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கவலையாகவும் இருக்கலாம். மனமிருந்தால் அவரே அடுத்த வாரம் பேச்சை எடுப்பார்.

"இந்த சனிக்கிழமை டியூட்டிங்க, அதுக்கு அடுத்த வாரம் போலாமா?" என்றால் அது சம்மதம். "வேலை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வேறு நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் அது மறுப்பு. அந்த வேலை உண்மையா என்று ஆராயாதீர்கள். "கூட என் ஃப்ரெண்டும் வரட்டுமா?" என்றால் நட்பாக வர விரும்புகிறார், அல்லது முதல் தடவைக்குத் துணை தேடுகிறார். இரண்டுக்கும் "தாராளமா" என்பதே பதில். முகம் சுருங்காமல் சொல்ல முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். மறுத்தால், "சரிங்க, பரவாயில்லை. நாளைக்கு டெஸ்ட்டுக்குப் படிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்புங்கள். காரணம் கேட்காதீர்கள், அவர் தோழியிடம் தூது விடாதீர்கள், அடுத்த வாரம் இடத்தை மாற்றி உட்காராதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்கலாமா என்றால், என் பதில் கூடாது என்பதுதான். உங்களுக்கு விருப்பம் உண்டு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி மனம் மாறினால் அவர் சொல்லட்டும்.

சம்மதித்தால், வெள்ளிக்கிழமையன்று வகுப்பு விஷயமாக வேறு ஏதாவது பேசும்போது ஒரு வரியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேசிக்கொள்ள வழி இல்லையென்றால் சனிக்கிழமை இடைவேளையில் போதும். அரை மணி ஆனதும் "உங்களுக்கு நேரமாச்சுங்களா?" என்று நீங்களே கேளுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை ஒரு மணி நேரம் கிடைக்கும். அழைத்தவர் நீங்கள் என்பதால் பில்லை நீங்கள் எடுங்கள். அவர் தன் பங்கை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், கல்லாவில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம்.